கடலைப் பைக்கு முகப்பு வரி, பின்பக்கக் கதை, பயன்பாட்டுக் குறிப்பு: வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

மிளகுக்கொடி எழுதியது:

வணக்கம். சிறிய தயாரிப்பாளர் ஒருவருக்காக வறுத்த கொண்டைக்கடலைப் பையின் வாசகங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். எலுமிச்சை மிளகுச் சுவை, 60 கிராம், மேலே ஜிப் உள்ள நிற்கும் பை. அகலம் 120 மி.மீ., உயரம் 180 மி.மீ. நிறுவனத்தின் பெயர், பொருளின் பெயர், சுவை, எடை ஆகியவை முன்பக்கத்தில் தனித்தனியாக வந்துவிடும். நான் எழுத வேண்டியவை மூன்று: முகப்பில் ஒரு வரி, பின்பக்கத்தில் ஒரு சிறு கதை, பயன்பாட்டுக் குறிப்பு.

முகப்பு வரி: "எண்ணெய் இல்லாத, எலுமிச்சையின் புத்துணர்ச்சியும் மிளகின் காரமும் சேர்ந்த, புரதச்சத்து மிக்க முறுமுறு கடலை!"

கதை: "நல்ல உணவின் மீது நாங்கள் கொண்ட பற்றில் பிறந்தது இந்தக் கடலை. தரமான மூலப்பொருள்களைத் தேர்ந்தெடுத்து, மிகுந்த அக்கறையுடன் தயாரித்து உங்கள் குடும்பத்துக்கு வழங்குகிறோம். ஆரோக்கியமும் சுவையும் ஒன்றுசேரும் அனுபவத்தைப் பெறுங்கள்."

குறிப்பு: "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி விரைவில் உண்ணவும்."

சேர்மானப் பட்டியல் இது: கொண்டைக்கடலை 91%, சூரியகாந்தி எண்ணெய் 4%, உப்பு 1.5%, மிளகு 1.2%, மால்டோடெக்ஸ்ட்ரின் 1%, எலுமிச்சைத் தூள் 0.8%, சிட்ரிக் அமிலம் 0.5%. ஆய்வக அறிக்கையின்படி 100 கிராமுக்கு 400 கிலோ கலோரி, 19 கிராம் புரதம்.

முகப்பு வரி நீளமாகப் படுகிறது. கதையில் உயிர் இல்லை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எங்கே கைவைப்பது?

வண்ணத்தூரிகை எழுதியது:

பை வடிவமைப்பதுதான் என் வேலை என்பதால் நேராகச் சொல்கிறேன். அலமாரியில் ஒரு பையைப் பார்ப்பவர் அதற்குத் தருவது ஓரிரு நொடிதான். அதற்குள் படித்து முடிக்க முடியாத வரி, வெறும் அலங்காரமாக நின்றுவிடும். உங்கள் முகப்பு வரியை அப்படியே எடுத்துவிடுங்கள். எண் ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள்: "19 கிராம் புரதம்". பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் "எண்ணெய் இல்லை". கண் முதலில் எண்ணுக்குத்தான் போகும்.

பின்பக்கக் கதைக்கு நேரம் செலவிட வேண்டாம். யாரும் படிப்பதில்லை. இரண்டு வரி போதும். மீதி இடத்தைச் சத்து அட்டவணைக்குக் கொடுங்கள்.

தராசுமுள் எழுதியது:

வண்ணத்தூரிகை சொல்வதில் நேரத்தைப் பற்றிய பகுதி சரி. ஆனால் அவர் பரிந்துரைக்கும் இரண்டு வாசகங்களும் அச்சேறக் கூடாதவை.

முதலில் எண்ணெய். சேர்மானப் பட்டியலில் இரண்டாவதாக நிற்பதே எண்ணெய்தான். மசாலாத் தூள் கடலையில் ஒட்டுவதற்காகத் தெளித்திருப்பார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே பையின் முன்பக்கம் "இல்லை" என்றும் பின்பக்கம் "4%" என்றும் சொன்னால், புகார் வர வெளியிலிருந்து சான்று தேவையே இல்லை. பொரிக்காமல் வறுத்தது என்பதுதான் நீங்கள் சொல்ல வந்த செய்தி என்றால், அதை அப்படியே சொல்லலாம்.

அடுத்து 19 கிராம். அது 100 கிராமுக்கான அளவு. கையில் இருப்பதோ 60 கிராம் பை. முகப்பில் பெரிதாக "19 கிராம் புரதம்" என்று பார்ப்பவர், இந்தப் பைக்குள் 19 கிராம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். உள்ளே இருப்பது 11.4 கிராம். எண் போட விரும்பினால் "இந்தப் பையில் 11 கிராம் புரதம்" என்று போடுங்கள். கீழ்நோக்கி முழுமையாக்குங்கள், ஒரு தொகுப்பில் சற்றுக் குறைந்தாலும் வரி பொய்யாகாது.

"புரதச்சத்து மிக்க" என்ற அடைமொழி இன்னும் சிக்கலானது. அது விவரணைபோல் தெரிந்தாலும், பல நாடுகளில் வரம்பு வகுத்த சொல். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை அமைப்பின் வழிகாட்டிக் கணக்கில் 100 கிராம் திட உணவில் 10 கிராம் புரதம் இருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்; உங்கள் கடலை எளிதாகத் தேறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கணக்கு வேறு: மொத்த ஆற்றலில் குறைந்தது 20% புரதத்திலிருந்து வர வேண்டும். ஒரு கிராம் புரதத்துக்கு 4 கிலோ கலோரி என்றால் 19 கிராமுக்கு 76. அதை 400 ஆல் வகுத்தால் 19%. ஒரு சதவீதத்தில் தவறிவிடுகிறது. "புரதம் உள்ளது" என்று சொல்ல அங்கே 12% போதும், அது முடியும். எந்தச் சந்தைக்குப் போகிறது என்று தெரியாமல் இந்தச் சொல்லை முகப்பில் வைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் வரியைக் கழித்துப் பாருங்கள். "எண்ணெய் இல்லாத" உண்மையல்ல, போகட்டும். எலுமிச்சையும் மிளகும் சுவைப் பெயரிலேயே வந்துவிட்டன. "கடலை" பொருளின் பெயரில் வந்துவிட்டது. புரதத்துக்கு நிபந்தனை இருக்கிறது. எஞ்சுவது "முறுமுறு" மட்டும். பெயரும் சுவையும் எடையும் சொல்லாத எதைச் சொல்ல அந்த வரி இருக்கிறது என்பதே கேள்வி. வேறு கடலையிலிருந்து இது எங்கே மாறுபடுகிறது? அதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

உப்புக்கல் எழுதியது:

பயன்பாட்டுக் குறிப்பு மிகவும் வறட்சியாக இருக்கிறது. நாங்கள் உலர்பழப் பை செய்கிறோம். வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துக் கஞ்சியில் சேர்க்கலாம், மாவில் கலந்து ரொட்டி சுடலாம் என்று நான்கு யோசனைகளைப் படங்களுடன் போட்டோம். வாங்கியவர்கள் அதைப் பற்றியே எழுதிக் கேட்டார்கள். நீங்களும் சாலட்டில் தூவலாம், சூப்பில் போடலாம் என்று எழுதுங்கள். பயன்பாடு என்றால் எப்படிப் பயன்படுத்துவது என்றுதானே பொருள்?

தராசுமுள் எழுதியது:

உப்புக்கல், உங்கள் பொருளுக்கு அது மிகச் சரியான குறிப்பு. உலர்பழத்தை வாங்கியவருக்கு "இதை என்ன செய்வது" என்ற கேள்வி உண்மையிலேயே இருக்கிறது. ஊறவைக்கும் நேரம் தெரியாவிட்டால் பழம் ரப்பர்போல் நிற்கும். வறுத்த கடலையைத் தின்ன யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இங்கே வாங்கியவர் தடுமாறும் இடம் வேறு: பாதி தின்றுவிட்டு மூடி வைத்தது மறுநாள் நமுத்துப்போயிருக்கிறது. குறிப்பு அந்த இடத்தில்தான் உதவ வேண்டும். அத்துடன், முறுமுறுப்பை முன்னிறுத்தும் பையில் "சூப்பில் போடுங்கள்" என்றால் முகப்பும் பின்பக்கமும் எதிரெதிராகப் பேசும்.

ஈரமானி எழுதியது:

உணவுத் தொழில்நுட்பத்தில் பணிபுரிகிறேன். குறிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதில் உள்ள "விரைவில்" என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. விரைவில் என்றால் இன்று மாலையா, அடுத்த வாரமா? படிப்பவர் எதுவும் செய்ய முடியாத சொல் அது. நாள் எண்ணிக்கை போடுங்கள். ஊகித்துப் போடாமல் சோதித்துப் போடுங்கள். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள். ஒரு கிண்ணத்தில் சாதாரண உப்பைக் கொட்டி, கரையாத உப்பு மீதம் நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கூழாக்கி உள்ளே வையுங்கள். அறை வெப்பத்தில் அந்தப் பெட்டிக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். மழைக்காலச் சமையலறைக்கு அது நல்ல பதிலி. பைகள் கிண்ணத்தில் படாமல் இருக்கட்டும். தினமும் அதே பைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, வாங்கியவர் மூடுவதைப் போலவே மூடித் திரும்ப வையுங்கள். எடுத்த கடலையைப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத இருவருக்குக் கொடுத்து, முறுமுறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். முதல்முறை ஒருவர் தயங்கும் நாளுக்கு முந்தைய நாள்தான் உங்கள் எல்லை. அதிலிருந்து இன்னொரு நாளைக் குறைத்து அச்சிடுங்கள்.

கைப்பிடி எடுப்பதை விட்டுவிடாதீர்கள். நிறைந்த பையைத் திறந்து மூடிச் சோதித்தால் முடிவு பொய்யாக நல்லபடி வரும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏறக்குறைய அதே அளவு ஈரக்காற்று உள்ளே போகிறது. முதல் நாள் அதை 60 கிராம் கடலை பகிர்ந்துகொள்கிறது, கடைசி நாள் 15 கிராம். அடியில் கிடப்பவைதான் முதலில் நமுக்கும், மனதில் நிற்பதும் அவைதான்.

டப்பாவுக்கு மாற்றச் சொல்வது ஏன் என்று புரியவில்லை. ஜிப் உள்ள பைக்குக் கூடுதல் செலவு செய்திருக்கிறீர்கள். பையின் உள்ளடுக்கு ஈரத்தைத் தடுப்பதில் வீட்டு டப்பாவுக்கு இளைத்ததல்ல. தோற்பது பெரும்பாலும் ஜிப். அதுவும் மசாலாத் தூள் தூவிய பொருள்களில் அது தோற்கும் விதம் ஒன்றுதான்: கடலையைக் கொட்டும்போது தூள் ஜிப்பின் பள்ளத்தில் படிந்துவிடும். அழுத்தினால் மூடியதுபோல் இருக்கும், ஒரு முனையில் திறந்தே கிடக்கும். வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பள்ளத்துக்குள் மஞ்சளாகத் தூள் தெரியும். விரலால் ஒருமுறை துடைத்தால் போதும். இதைச் சொல்லும் பையை நான் இதுவரை பார்த்ததில்லை; நீங்கள் சொன்னால் மகிழ்வேன்.

வண்ணத்தூரிகை எழுதியது:

60 கிராம் பையை யார் ஐந்து நாள் வைத்துத் தின்கிறார்கள்? ஒரே அமர்வில் முடிந்துவிடும். இவ்வளவு குறிப்பு தேவையா?

ஈரமானி எழுதியது:

ஒரே அமர்வில் முடியும் என்றால் ஜிப்பை எடுத்துவிடலாம். சத்து அட்டவணையில் ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள், மிளகுக்கொடி?

மிளகுக்கொடி எழுதியது:

30 கிராம். ஆகவே ஒரு பையில் இரண்டு பரிமாறல்கள். பையே பாதியில் மூடி வைக்கச் சொல்கிறது என்றாகிறது, குறிப்பு வேண்டும்.

தராசுமுள் கேட்டதைத் தயாரிப்பாளரிடம் கேட்டேன். முதலில் "எங்கள் தரம்தான் வித்தியாசம்" என்றார். செய்முறையை அடுப்பிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஊறவைத்த கடலையின் மேற்பரப்பை உலர்த்தி ஒருமுறை வறுக்கிறார்கள். பிறகு சூட்டோடு மூடி ஓர் இரவு வைத்துவிடுகிறார்கள். மறுநாள் இரண்டாம் முறை வறுத்து, எண்ணெய் தெளித்து, மசாலா சேர்க்கிறார்கள். ஏன் இரவு முழுக்க வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இல்லாவிட்டால் கடலை கல்லாகிவிடும், பல்லுக்கு ஆகாது" என்று சாதாரணமாகச் சொன்னார். இது எல்லாரும் செய்வதுதானா?

ஈரமானி எழுதியது:

எல்லாரும் செய்வதில்லை, நேரம் பிடிக்கும். காரணத்தை அவர் அனுபவத்தில் சரியாகப் பிடித்திருக்கிறார். ஒரே தடவையில் கடுமையாக வறுத்தால் வெளிப்புறம் சீக்கிரம் உலர்ந்து இறுகிவிடும். நடுவில் இருக்கும் ஈரத்துக்கு வழி அடைபடும். அந்தக் கடலையை உடைத்தால் விளிம்பு பொன்னிறமாகவும் நடுப்பகுதி கருத்து மெழுகுபோலவும் இருக்கும். பைக்குள் போனபிறகு அந்த ஈரம் மெல்ல வெளியே பரவி, திறக்காத பையிலேயே முறுமுறுப்பைக் கெடுக்கும். நடுவே ஆறவிட்டால் ஈரம் கடலை முழுவதும் சமமாகப் பரவுகிறது; இரண்டாம் வறுப்பில் அது எளிதாக வெளியேறுகிறது, உட்பகுதியும் நுண்துளைகளோடு லேசாகிறது. கடித்தால் நொறுங்குவது அதனால்தான்.

தராசுமுள் எழுதியது:

கதை கிடைத்துவிட்டது. தயாரிப்பாளர் அதை ஒரு கதையாகவே நினைக்கவில்லை. நாள்தோறும் செய்வது கண்ணில் படாது. அதனால்தான் "உங்கள் சிறப்பு என்ன" என்று கேட்டால் தரம், அக்கறை, அன்பு என்று பதில் வரும்; "அடுத்து என்ன செய்வீர்கள், ஏன்" என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

உங்கள் பழைய கதையை எடுத்து, "கடலை" என்ற இடத்தில் "ஊறுகாய்" என்று போட்டுப் படியுங்கள். கடைசி வரை ஒன்றும் கெடாது. எதற்கும் பொருந்தும் வாசகம் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். வண்ணத்தூரிகை "யாரும் படிப்பதில்லை" என்றது இத்தகைய கதைகளைப் பற்றித்தான் என்றால் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பையைக் கையில் எடுத்துத் திருப்பியவர் ஏற்கெனவே ஆர்வம் காட்டிவிட்டார். தின்றுகொண்டிருப்பவருக்கோ கண்ணெதிரே பின்பக்கம்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னால் படிப்பார்கள்.

நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"கொண்டைக்கடலையை ஒரே தடவையில் வறுத்தால் வெளியே முறுகிவிடும், நடுவில் ஈரம் தங்கிவிடும். அதனால் முதல் வறுப்புக்குப் பின் மூடி, ஓர் இரவு விட்டுவைக்கிறோம். உள்ளிருக்கும் ஈரம் மெல்லப் பரவுகிறது. மறுநாள் மீண்டும் வறுக்கும்போது அது வெளியேறிவிடுகிறது. கல்லாக இறுகாமல், கடித்ததும் நொறுங்கும் கடலை இப்படித்தான் கிடைக்கிறது. எலுமிச்சையும் மிளகும் கடைசியில் சேர்கின்றன."

இதில் "சிறந்த", "தரமான", "ஆரோக்கியமான" என்று ஒரு பாராட்டுச் சொல்லும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததற்குக் காரணம் சொல்கிறது. படிப்பவர் கடைசி வரை வருவது அதனால்தான். முன்பக்க வரியும் இதிலிருந்தே பிறக்கிறது: "இரண்டு முறை வறுத்தது. நடுப்பகுதி வரை முறுமுறுப்பு." முதல் பாதி செய்முறை, இரண்டாம் பாதி அதன் பலன். சந்தேகம் இருப்பவர் ஒரு கடலையைப் பிளந்து பார்த்துக்கொள்ளலாம்.

உப்புக்கல் எழுதியது:

செய்முறையை இப்படி வெளியே சொன்னால் போட்டியாளர் அதையே செய்துவிட மாட்டாரா? எங்கள் வீட்டில் இதற்குத் தனிச் சண்டையே நடந்தது.

தராசுமுள் எழுதியது:

வெப்பநிலை, நேரம், எவ்வளவு ஈரத்தில் முதல் வறுப்பை நிறுத்துவது ஆகியவற்றில்தான் தொழில் இருக்கிறது. அவற்றில் ஒன்றும் கதையில் இல்லை. ஆனால் தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது. இது அவருடைய உரிமை.

இன்னொரு கோணத்திலும் அவரிடம் கேளுங்கள்: விற்பனை பெருகினால் இந்த இரவு இடைவெளி தொடருமா? பரபரப்பான பருவத்தில் சில மணி நேரமாகக் குறைப்பார்கள் என்றால் "ஓர் இரவு" என்று அச்சிட வேண்டாம், "ஆறவிட்டு" என்று போதும். பை தீரும் வரை வாசகம் மாறாது; தொழிற்கூடம் மாறிக்கொண்டே இருக்கும். "கையால்", "சிறு அளவில்", "மூன்று பேர் கொண்ட குழு" போன்றவற்றை நான் தவிர்ப்பதும் இதனால்தான்.

எலுமிச்சையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. முகப்பில் ஒரு சேர்மானத்தைச் சொல்லாலோ படத்தாலோ முன்னிறுத்தினால், அதன் சதவீதத்தைப் பட்டியலில் காட்ட வேண்டும் என்பது கோடெக்ஸ் பொதுத் தரநிலை. பல நாடுகளின் விதிகளும் அதை ஒட்டியவை. நீங்கள் எல்லாவற்றுக்கும் சதவீதம் வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் 0.8% எலுமிச்சைத் தூளுக்கு முன்பக்கத்தில் பாதியாக வெட்டிச் சாறு தெறிக்கும் எலுமிச்சைப் படம் போட்டால் அளவு மீறிவிடும். புளிப்பின் கணிசமான பங்கு சிட்ரிக் அமிலத்திலிருந்து வருகிறது.

மிளகுக்கொடி எழுதியது:

படம் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது. முழு எலுமிச்சை ஒன்று, ஓரத்தில் சிறிதாக. அதை வைக்கலாமா?

தராசுமுள் எழுதியது:

தூள் உண்மையான எலுமிச்சைச் சாற்றிலிருந்து வந்தது என்று விற்றவரின் விவரத்தாளில் இருந்தால் வைக்கலாம் என்பது என் கருத்து. மணமூட்டி மட்டும் என்றால் படம் கூடாது. சுவைப் பெயரும் "எலுமிச்சைச் சுவையூட்டியது" என்று மாற வேண்டும். விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தூளில் பாதி, சாற்றைத் தூளாக்கச் சேர்க்கும் மாவுப்பொருளான மால்டோடெக்ஸ்ட்ரினாகவே இருப்பதும் உண்டு. பட்டியலில் நீங்கள் காட்டும் 1 சதவீதம் அதுவா, தனியாகச் சேர்த்ததா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அச்சுருளை எழுதியது:

பை அச்சிடும் கூடத்திலிருந்து எழுதுகிறேன். வாசகம் நன்றாக இருக்கிறது. அது எங்கே உட்காரப் போகிறது என்பதை யாரும் பேசவில்லை.

120 மி.மீ. அகலம் என்று நம்பி வரியை அமைக்காதீர்கள். இரு பக்கமும் ஒட்டுப்பகுதிக்குத் தலா 8 மி.மீ. போனால் 104. கடலை நிரம்பியதும் பை உப்பும். ஓரங்கள் பக்கவாட்டில் வளைந்து கண்ணிலிருந்து ஒதுங்கும். நேராகப் பார்ப்பவருக்குத் தெரிவது 85 மி.மீ. அளவுதான். கீழே நிற்பதற்கான மடிப்பு தனி; அங்கே வைத்த எழுத்து தரையைப் பார்த்துக் கிடக்கும்.

மேலே கிழிக்கும் வெட்டு இருக்கிறதல்லவா? அதற்கு மேலே உள்ள பகுதி திறந்ததும் குப்பைக்குப் போகிறது. திறந்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை அந்தப் பட்டையில் வைத்த பைகளை நிறைய அச்சிட்டிருக்கிறேன். வடிவமைப்பாளருக்கு அங்கே இடம் காலியாக இருந்தது, அவ்வளவே. குறிப்பும் நாள் முத்திரையும் ஜிப்புக்குக் கீழே இருக்கட்டும். "திறக்கும்முன்" செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அது மட்டும் மேலே போகலாம்.

பின்பக்க வாசகம் முழுவதையும் கறுப்பு ஒன்றிலேயே அமையுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை. நாளை சேர்மான அளவோ நாள் எண்ணிக்கையோ மாறினால் கறுப்பு உருளையை மட்டும் மாற்றினால் போதும். கரும் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் நான்கு நிறங்களும் அந்த எழுத்தின் ஓரத்தில் சந்திக்கின்றன. ஒன்று இம்மியளவு விலகினாலும் எழுத்துக்கு வண்ண நிழல் விழும். சிறிய எழுத்தில் ஞ, ணை, ஜூ போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும்.

வண்ணத்தூரிகை எழுதியது:

அச்சுருளை சொன்னதை வழிமொழிகிறேன். தமிழில் மேலே விசிறியும் கீழே கொக்கியும் வருவதால் வரிகளுக்கிடையே இடம் கூடுதலாக வேண்டும். அதனால்தான் கதையைக் குறைக்கச் சொன்னேன். தராசுமுள்ளின் கதை அளவில் பொருந்தும். அதற்கு மேல் ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

முகப்பு வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. "இரண்டு முறை வறுத்தது" போதும். மூன்று சொல், தூரத்திலிருந்தே படிக்கலாம். "நடுப்பகுதி வரை முறுமுறுப்பு" பின்னால் போகட்டும்.

தராசுமுள் எழுதியது:

மூன்று சொல் மட்டும் நின்றால், இரண்டு முறை வறுத்தால் என்ன லாபம் என்று தெரியாதவருக்கு அது கருகல் என்றும் படலாம். பலனைச் சேர்த்தே வைக்க விரும்புகிறேன். வேண்டுமானால் முதல் பாதி பெரிதாகவும் இரண்டாவது அதன்கீழ் சிறிதாகவும் வரட்டும்.

மிளகுக்கொடி எழுதியது:

தயாரிப்பாளர் கதைக்குச் சம்மதித்துவிட்டார். "ஓர் இரவு" தொடரும் என்று உறுதியாகச் சொல்கிறார். இரண்டாம் அடுப்பு காலையில்தான் காலியாகும் என்பதால் அவருக்கு வேறு வழியும் இல்லை. எலுமிச்சைத் தூளின் விவரத்தாளைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஈரமானி சொன்னபடி உப்புப் பெட்டிச் சோதனையை வைத்திருக்கிறோம். குறிப்பு இப்போது இப்படி நிற்கிறது. நாள் எண்ணிக்கை முடிவு வந்தபின் நிரப்பப்படும்.

கிழிக்கும் பட்டையில்: "திறக்கும்முன் குலுக்குங்கள், மசாலா அடியில் தங்கியிருக்கும்."

பின்பக்கம், ஜிப்புக்குக் கீழே: "மீதி வைப்பதானால், ஜிப் பள்ளத்தில் படிந்த தூளைத் துடைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். வெயில் படாத, உலர்ந்த இடத்தில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம். திறந்த … நாள்களுக்குள் சாப்பிடுங்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையாகத் தர வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளலாம்."

ஃப்ரிட்ஜ் வரி சரிதானா, ஈரமானி?

ஈரமானி எழுதியது:

சரி. குளிர்ந்த பையை வெளியே எடுத்துத் திறந்ததும் அறைக் காற்றின் ஈரம் கடலைமேல் வியர்த்துவிடும். காரணத்தை எழுத இடம் இல்லாவிட்டாலும் தடை மட்டும் இருந்தால் போதும்.

குழந்தைகளுக்கான வரியைப் பத்தியின் கடைசியில் மற்றவற்றோடு ஒட்டவைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது. மற்றவற்றைத் தவறவிட்டால் கடலை நமுக்கும். இதைத் தவறவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. தனி வரியாக, தடித்த எழுத்தில் வையுங்கள்.

வண்ணத்தூரிகை எழுதியது:

தனி வரி, சரி. சிலர் இதை முன்பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. முன்பக்கத்தில் எச்சரிக்கையைப் பார்ப்பவர் பொருளிலேயே கோளாறு என்று எண்ணிவிடுவார்.

ஈரமானி எழுதியது:

அப்படி எண்ணுகிறார்களா என்பதைவிட, குழந்தையின் கையில் பையைக் கொடுப்பவர் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறாரா என்பதுதான் என் கவலை. பையின் முகப்பில் சிறுவர்களை ஈர்க்கும் சித்திரம் எதுவும் இல்லை என்றால் பின்பக்கம் போதும் என்பேன். சித்திரம் இருந்தால் முன்பக்கம்தான்.

மிளகுக்கொடி எழுதியது:

மிளகுக்குக் கண் வைத்துச் சிரிப்பதுபோல் ஒரு சின்னம் இருக்கிறது. தயாரிப்பாளருக்கு அது மிகவும் பிடித்தது. சின்னத்தை எடுப்பதா, வரியை முன்னால் கொண்டுவருவதா என்று நாளை அவரோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

அச்சுருளை எழுதியது:

எதை முடிவு செய்தாலும், உருளை வெட்டும்முன் ஒரு வேலை செய்யுங்கள். இரு பக்க வடிவமைப்பையும் உண்மை அளவில் தாளில் அச்செடுத்து, வெறும் பையில் ஒட்டி, 60 கிராம் கடலையை நிரப்பி மூடுங்கள். அலமாரியில் நிறுத்தி மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். முகப்பு வரியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஓரத்தில் வளைந்து மறைந்தால் அளவைக் குறையுங்கள். பிறகு மேற்பட்டையைக் கிழித்துவிட்டு, கையில் எஞ்சியதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். நாள் முத்திரைக்கு விட்ட இடத்தில் கதையின் கடைசி வரி நீண்டு வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வரும் திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில்தான் முடிகின்றன.